ஏழாம் எண் மாதிரி

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவளுக்கு எழுத்துக்காரி என்று பெயர். வைரஸின் மரபணுவில் இருக்கும் முப்பதாயிரம் எழுத்துகளைப் படிப்பதுதான் அவள் பிழைப்பு. யாருக்கும் முகதாட்சண்யம் பார்த்துவிடக் கூடாது என்று மாதிரிகளில் பெயரை ஒட்ட விடமாட்டாள், எண் மட்டும்தான்; பெயர்கள் தனிப் பதிவேட்டில் இருக்கும்.

வார்டில் ஐந்து நோயாளிகளுக்குத் தொற்று. அவர்களுக்கு முன்பே காய்ச்சலில் படுத்தது துப்புரவு அக்கா என்பதால் பழி அவள் தலையில் விழுந்தது. வேலைக்கும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நோயாளிகளோடு வார்டில் வேலைசெய்பவர்களையும் சோதித்து, தொற்று இருந்த ஏழு பேரின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

அன்று காலை திரையில் வைரஸ்களின் வம்சமரம் விரிந்ததும் எழுத்துக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டின் தலைமை டாக்டரைக் கையோடு கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

“பரவப் பரவ எழுத்து மாறும் டாக்டர். மாறினது அடுத்தவங்களுக்கும் போகும், பழையபடி திரும்பறது ரொம்ப அபூர்வம். நோயாளிங்க அஞ்சு பேர்கிட்டயும் அதே மூணு மாற்றம் இருக்கு. மூணாம் நம்பர்ல அந்த மூணோட இன்னும் ரெண்டு. அந்த ரெண்டு வேற யார்கிட்டயும் இல்ல. அது கிளையோட நுனி. அங்கேருந்து இவங்களுக்கு வந்திருக்காது.”

“மூணாம் நம்பர் யாரு?”

அவள் பதிவேட்டைத் திறந்தாள். “நம்ம அக்கா.”

டாக்டரின் விரல் அடிமரத்தின் பக்கம் நகர்ந்தது. “இந்த ஏழாம் நம்பர்ல, எல்லார்கிட்டயும் இருக்கற அந்த மூணு மாற்றத்துல ரெண்டு மட்டும்தானே இருக்கு? ஆரம்பத்துக்குக் கிட்ட இருக்கறது இவர்தான். யாரும்மா இது?”

அவள் ஏழாம் எண்ணுக்கு நேரே இருந்த பெயரைப் பார்த்தாள். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

“எனக்கு வெறும் மூக்கொழுகல்தானே இருந்துச்சு,” என்றார் டாக்டர். போனை எடுத்தார். “அக்கா நம்பரைக் குடும்மா.”