சித்தி தோண்டிய கறுப்புப் புள்ளிகள்

சித்தி மனிதர்களைக் காலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வாள். கடைத்தெருவில் யாராவது சிரித்தால் முகத்தைப் பார்த்து விழிப்பாள். பிறகு பார்வையைக் கீழே இறக்கி, "அட, நீங்களா!" என்பாள். அழகு நிலையத்தில் பதினாறு வருடமாகப் பாதம் பார்க்கும் வேலை. வெந்நீரில் ஊறிய காலைத் துண்டில் ஏந்தி மடியில் வைத்துக் குதிகாலைச் சுரண்டுவாள், நகம் வெட்டுவாள், எண்ணெய் தேய்ப்பாள். அவள் உட்காரும் முக்காலி முழங்கால் உயரம்கூட இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முதுகை நிமிர்த்துவாள்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது தாவரவியல். ஆனால் அடுப்பு ஏன் மஞ்சளாக எரிகிறது என்பதிலிருந்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பது வரை எல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் தெரிந்த மாதிரியே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

போன வருடம் ஒரு நாள் சித்தி இடது காலை என் பக்கம் நீட்டினாள். முன்பாதத்தின் அடியில், காசு அகலத்தில், தோல் தடித்திருந்தது.

"ஏய் படிப்பு, இதைக் கொஞ்சம் பாரேன். கால் ஆணிதான். ஆனா உள்ள எள்ளு தூவின மாதிரி கறுப்பு கறுப்பா இருக்கு. நம்ம கடைக்கு வர்ற டீச்சர் கால்லயும் இதே மாதிரிதான்."

நான் கைபேசியிலிருந்து கண்ணை எடுத்து, உடனே திருப்பிக்கொண்டேன்.

"அழுக்கு சித்தி. ஊறவெச்சு எடுத்தா வந்துடும்."

"அதானே பார்த்தேன்" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் அழுக்கெடுக்க ஆரம்பித்தாள். தன் காலிலும், மாதம் இரண்டு முறை வரும் ஓய்வுபெற்ற டீச்சரின் காலிலும். முதலில் சுரண்டி, பிறகு ஊசி முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தோண்டுவாள். ரத்தம் துளிர்க்கும். 'ஆழமா இறங்கியிருக்கு' என்று பஞ்சை வைத்து அழுத்துவாள். சுரண்டியைச் சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டு அடுத்த காலை எடுப்பாள். அந்தக் கடையில் எல்லாருக்கும் ஒரே சுரண்டிதான்.

சில மாதங்களில் அவள் வலது கை விரல்களில் சொரசொரப்பாக நாலைந்து முடிச்சுகள் எழும்பின. சுரண்டியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துவிட்டது என்றாள். நாங்களும் அப்படியே நினைத்தோம். ஒரு நாள் புதிதாக வந்த பெண் ஒருத்தி அந்த விரல்களைப் பார்த்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாளாம். முதலாளியம்மா சித்தியைத் தனியே கூப்பிட்டு, "ஒட்டாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் யார் கால்லயும் கை வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

சித்திக்கு வேறு வேலை தெரியாது. அந்த ஒரு சீட்டுக்காகத்தான் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் காலையிலிருந்து வரிசையில் நின்றோம்.

டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கால்களையும் காட்டச் சொன்னார். வலது காலின் சுண்டுவிரல் மேல் இருந்த தடிப்பை நேராக அழுத்தினார். "ஸ்ஸ்" என்றாள் சித்தி.

"இது ஆணி. செருப்பு இறுக்கிப் பிடிக்குது. தோல் தன்னைக் காப்பாத்திக்கத் தடிச்சிருக்கு. யாருக்கும் ஒட்டாது. ஆணிக்கு அழுத்தினா வலி."

இடது பாதத்தில் இருந்ததை இரண்டு பக்கமும் விரல் வைத்துக் கிள்ளினார். சித்தி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"இதுக்குக் கிள்ளினா வலி. அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது, மேலயும் சீவிப் பார்க்கணும்" என்று பிளேடால் மெல்லிசாகச் சீவினார். "பாதத்து ரேகை ஓரம் வரைக்கும் வந்து விலகிப் போகுது பாருங்க. காய்ப்புன்னா ரேகை மேலேயே ஓடும். ஆணின்னா சீவினதும் நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு கட்டி தெரியும். இதுல ரெண்டும் இல்ல. இது மரு. வைரஸ். கையில இருக்கறதும் இதேதான்."

"அப்போ அந்த அழுக்கு?" என்றாள் சித்தி.

"எந்த அழுக்கு?"

"கறுப்பா, எள்ளு மாதிரி..."

"அது அழுக்கு இல்லம்மா, உங்க ரத்தம். மருவுக்குள்ள பொடிப்பொடியா ரத்தக்குழாய் வளர்ந்திருக்கும். அதுல ரத்தம் உறைஞ்சு நிக்கறதுதான் அந்தப் புள்ளி. சீவினா பொட்டுப் பொட்டா ரத்தம் வருதே, அதுவும் அங்கிருந்துதான். தோண்டினா குணமாகாது. தோல் கிழிஞ்சு பக்கத்துல இன்னும் பரவும். அழுக்குன்னு யார் சொன்னது?"

சித்தி என் பக்கம் திரும்பவில்லை. "யாரோ சொன்னாங்க" என்றாள்.

டீச்சரிடமிருந்து இவளுக்கு வந்ததா, இவளிடமிருந்து டீச்சருக்குப் போனதா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, வைரஸ் உள்ளே போய் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத்தான் வெளியே தெரியும் என்றார். கரைக்கும் மருந்து ஒன்றை எழுதினார். தினமும் ஊறவைத்து, தனக்கென்று வைத்த அரத்தால் லேசாகத் தேய்த்து, மருந்து போட்டு மூட வேண்டும். மூன்று மாதம் ஆகலாம், மேலும் ஆகலாம். சீட்டில் இரண்டு வரி கிறுக்கினார். பேருந்தில் சித்தி சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சனிக்கிழமைகளில் சித்தி வேலை பார்க்கும் அந்தக் கடையில் தொலைபேசி எடுப்பதும் முன்பதிவு எழுதுவதும் நான்தான், வேறு வேலை கிடைக்கும்வரை. அந்தச் சனிக்கிழமை டீச்சர் முன்பே வந்து, தொட்டியில் காலை ஊறவைத்து உட்கார்ந்திருந்தார். சித்தி சீட்டை நீட்டினாள். முதலாளியம்மா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"கோழி கிளறின மாதிரி எழுதியிருக்காங்க. நீ படிச்ச பொண்ணுதானே? ஒட்டுமா, ஒட்டாதா?"

கிறுக்கலாக இருந்தாலும் எனக்குப் புரிந்தது. மரு, ஆறும் வரை பிறரைத் தொடும் வேலை வேண்டாம், கருவிகளைப் பகிரக் கூடாது. அங்கே அதைப் படிக்க வேறு யாராலும் முடியாது. காய்ப்பு என்று ஒரு சொல் சொன்னால் சித்தியின் முக்காலி அவளுக்கே. ஒரு பொய்யாவது அவளுக்கு உதவட்டும் என்று நினைத்தேனா, என் பழைய தப்பை மூடப் பார்த்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தேன்.

அதற்குள் சித்தி குனிந்து கையுறை மாட்டிக்கொண்டு டீச்சரின் காலைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தாள். தடிப்பை இரண்டு பக்கமும் கிள்ளினாள்.

"ஆ! என்னம்மா இது, உயிர் போகுது!"

"இது ஆணி இல்ல டீச்சர். மருவா இருக்கும், எனக்கும் அதேதான். நான் இத்தனை நாள் தோண்டினது அழுக்கு இல்ல, உங்க ரத்தம். தப்புப் பண்ணிட்டேன். டாக்டர்கிட்ட காட்டுங்க." பிறகு முதலாளியம்மாவைப் பார்த்து, "ஒட்டும்மா. இந்தச் சுரண்டியைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றாள்.

டீச்சர் ஈரக் காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு எழுந்தார். "வருஷம் பூரா ஊசியால குத்தினியே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆறினதும் வாங்க. இடம் இருந்தா பார்ப்போம்."

இப்போது மூன்றாவது மாதம். சித்தி வீட்டில் பிளாஸ்டிக் வாளியில் காலை ஊறவைத்து உட்கார்ந்திருக்கிறாள். விரல்களில் இரண்டு முடிச்சுகள் அமுங்கிவிட்டன. பாதத்தில் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. வாரம் ஒருமுறை கைபேசி விளக்கை அடித்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

நேற்று முழங்கை ஓரம் ஒரு சிவப்புத் தடிப்பைக் காட்டினாள். "இது என்னடி? இதுவும் அதுதானா?"

விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தேன். "தெரியல சித்தி. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காட்டலாம்."

"இதைச் சொல்லத்தான் மூணு வருஷம் படிச்சியா?" என்று சிரித்துவிட்டு, மற்றக் காலையும் வாளிக்குள் விட்டுக்கொண்டாள்.