பதில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிரிப்பு

சிரித்த முகம் ஒன்றைப் பார்த்து ஒருவர் கோபப்படலாமா? எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போ நகரில், ஒரு சாப்பாட்டுக் கடையின் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கோபப்படலாம் என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

பல்கலைக்கழகப் படிப்பை முடித்து ஊர் திரும்பிய நாங்கள் மூவர், காம்பார் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் இலவச வகுப்பு நடத்திவந்தோம். மூன்றாம் படிவத் தேர்வு எழுதவிருந்த பிள்ளைகளுக்கான வகுப்பு அது. அந்தத் தேர்வில் தேறாதவர்களுக்கு அன்றைய அரசுப் பள்ளியில் மேலே படிக்க வழியில்லை. பையன்கள் லாரிப் பட்டறைக்கோ கடைக்கோ போவார்கள். பெண்பிள்ளைகள் ரப்பர் பால்வாளியைத் தூக்குவார்கள். ஆயாக்கொட்டகைதான் எங்கள் வகுப்பறை. தாய்மார்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்தக் கொட்டகை மதியத்துக்குமேல் காலியாகிவிடும். தொட்டில்களைச் சுருட்டி உத்தரத்தில் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குவோம். காற்றில் பவுடர் வாசனையும் பால் வாசனையும் கலந்திருக்கும்.

எங்களில் மூத்தவர், ஈப்போ பள்ளி ஒன்றில் ஆசிரியை. பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லாருக்கும் அவர் அக்கா. மற்றவர் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு கணக்குப் பாடம் எடுத்த நண்பர். நான் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள்.

எங்கள் யார் வீட்டிலும் தொலைபேசி இல்லை. பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு முஸ்லிம் அண்ணன் நடத்திய கடையில் தொலைபேசிக்கு அருகே அவர் ஒரு தாள் கட்டைச் சணல் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் அதில் சேதி எழுதிவைப்பார்கள். முதலில் படிப்பவர் அண்ணன்தான். அதை அவர் மறைத்ததும் இல்லை.

சிரித்த முகப் படங்கள் அப்போது எங்கும் இருந்தன. மஞ்சள் வட்டம், இரண்டு கண், வளைந்த வாய். பள்ளிப் பைகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஒட்டியிருப்பார்கள். அக்கா அதைப் பேனாவால் வரைவார். “மழை வரும்போல, குடை எடுத்து வா” என்று எழுதிக் கீழே ஒரு முகம். “உன் வரைபடத்தைப் பிள்ளைகள் ரொம்ப ரசித்தார்கள்” என்று எழுதி இன்னொரு முகம். அவற்றைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். ஆகவே எனக்கு அந்த வட்டத்தோடு பகை எதுவும் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கடையில் எங்களுக்குள் சண்டை வந்தது. ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு மண்டபத்தை இலவசமாகத் தர யாரோ முன்வந்திருந்தார்கள். மின்விசிறி, பெரிய கரும்பலகை, நல்ல நாற்காலிகள் எல்லாம் உண்டு. வகுப்பை அங்கே மாற்றிவிடலாம் என்றார் அக்கா.

“பொம்பளப் புள்ளைங்க எப்படிக்கா வீட்டுக்குத் திரும்பும்?” என்றேன். “ரெண்டு பஸ் மாறணும். பெரிய ரோட்டுல எறங்கி உள்ள நடக்கணும். ரப்பர் மரத்த எல்லாம் சாய்ச்சுட்டு எண்ணெய்க்கு செம்பனை போட்டுட்டாங்க. வழியில ஒரு லயம்கூட இல்ல.”

“எல்லாத்துலயும் இடைஞ்சலத்தான் பாக்குற நீ. கொட்டகையில உக்காந்து எத்தன காலத்துக்குப் படிக்கிறது? அதுங்களும் டவுனப் பாக்கட்டுமே.”

“டவுனப் பாக்கறது இருக்கட்டும். இருட்டுனப்புறம் எப்படித் திரும்பும்னு சொல்லுங்க.”

“தோட்டத்துல வளந்ததால உனக்கு எல்லாமே பயம்.”

அந்தச் சொல்லுக்குப் பிறகு நானும் குரலை உயர்த்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். என் கேள்வி மேசையிலேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை நான் கடைக்குப் போனபோது தாள் கட்டில் எனக்கு ஒரு சேதி இருந்தது. “இந்த வாரத்திலிருந்து வகுப்பு புந்தோங்கில். எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.” அதன் கீழே, தனியாக, ஒரு சிரித்த முகம்.

“பாத்தியா தங்கச்சி, சிரிச்சுட்டாங்க,” என்றார் அண்ணன், தேநீர் கலக்கியபடியே. “சண்ட முடிஞ்சிருச்சு. நீயும் ஒண்ணு சிரிச்சுப் போட்டுட்டுப் போ.”

கணக்கு நண்பரும் அங்கே இருந்தார். “சமாதானமா போறாங்க லா. இதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?”

அவர்கள் இருவருக்கும் அது சமாதானமாகத் தெரிந்தது. எனக்கு அறை வாங்கியதுபோல் இருந்தது. ஏன் என்பதை அங்கேயே நின்று யோசித்தேன்.

எழுத்துக்குக் குரல் கிடையாது. படிக்கிறவர்தான் அதற்குக் குரல் கொடுக்கிறார். அந்தக் குரலை, எழுதியவர் கடைசியாகப் பேசிய பேச்சிலிருந்து எடுக்கிறார். குடை எடுத்து வரச் சொன்ன நாளில் என் காதில் இருந்தது அக்காவின் கலகலப்பு. ஆகவே வட்டமும் கலகலத்தது. செவ்வாய்க்கிழமை என் காதில் இருந்தது “உனக்கு எல்லாமே பயம்” என்ற சொல். அந்தக் குரலில் படித்தால் அதே வட்டம் உதட்டோரமாகச் சிரித்தது. கண்கள் வெறும் இரண்டு புள்ளிகள். அவை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை.

அது மட்டும் என்றால் என் மனக்கசப்பு என்று தள்ளிவிடலாம். முகத்துக்கு மேலே இருந்த சொற்களைப் பார்த்தேன். அவற்றில் என் பெயரில்லை, வழக்கமான நலவிசாரிப்பு இல்லை, சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்போதும் நீளமாக எழுதுகிறவர் இரண்டே வாக்கியத்தில் முடித்திருந்தார். வாக்கியங்கள் உத்தரவு, முகம் உபசாரம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது மனம் சொற்களைத்தான் நம்புகிறது. பொருந்தாத அந்தச் சிரிப்பை, சொற்களுக்குப் போட்ட போர்வையாக எடுத்துக்கொள்கிறது. என் கேள்விக்கான பதில் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அந்த முகம் உட்கார்ந்திருந்தது. பதில் எழுதி அதன் பக்கத்தில் சிரித்திருந்தால் அது இனிப்பு. பதிலுக்குப் பதிலாகச் சிரித்தால் அது கதவைச் சாத்துவது.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. எனக்கு மிகவும் சினமூட்டியது அதுதான். அந்தச் சேதி நாலுபேர் பார்க்கும் தாளில் இருந்தது. எதிர்த்து எழுதினால், சிரித்தவரிடம் சண்டைக்குப் போகிறவளாக நான் ஆவேன். திருப்பிச் சிரித்தால் சம்மதித்தவளாக ஆவேன். எழுதியவரோ எப்போது வேண்டுமானாலும் “நான் சிரிக்கத்தானே செய்தேன்” என்று சொல்லிக்கொள்ளலாம். தோட்டத்து அலுவலகத்தில் என் அப்பாவுக்கு வேலை இல்லை என்று சொல்லும்போது கிராணி என்கிற எழுத்தர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்பாவும் திருப்பிச் சிரிக்க வேண்டும். நான் சிரிப்பதாக இல்லை.

பேனாவை எடுத்து எழுதினேன்: “பெண்பிள்ளைகள் இருட்டில் எப்படி வீடு திரும்புவார்கள்? பதில் எழுதவும்.”

நண்பர் எட்டிப் பார்த்தார். “போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு லா. கீழ ஒரு சிரிப்புப் போடேன்.”

“போட மாட்டேன்.”

வியாழக்கிழமை பதில் வந்திருந்தது. “பார்க்கலாம்.” கீழே அதே முகம். இந்த முறை வட்டம் பெரிதாக, அழகாக, நிதானமாக வரையப்பட்டிருந்தது. ஒரு சொல் எழுதுவதற்குச் செலவழித்ததைவிட முகத்துக்கு அதிக நேரம் செலவழித்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

சனிக்கிழமை நான் புந்தோங்குக்குப் போகவில்லை. தோட்டத்துக்குப் போனேன். பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் லயத்தில்தான் இருந்தார்கள். “டவுனுக்கு அனுப்ப மாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க டீச்சர்,” என்றாள் அவர்களில் நன்றாகப் படிப்பவள். “அடுத்த வாரத்துலேர்ந்து பால் வெட்ட மரத்துக்கு வரச் சொல்றாங்க. சும்மாதான வீட்ல இருக்கேன்னு.” தொட்டில்களைச் சுருட்டிப் போட்டுவிட்டு, அறிவியல் பாடத்தை விட்ட இடத்திலிருந்து நடத்தினேன். பையன்கள் புந்தோங் போயிருந்தார்கள்.

மறுநாள் கடையில் அக்கா காத்திருந்தார். “நீ தனியா வகுப்பு நடத்துனியாமே. நான் அவ்வளவு தன்மையா எழுதியிருந்தேன். சிரிச்சுத்தான போட்டேன்?”

“அந்த மூஞ்சிய மறச்சுட்டு வாசிங்கக்கா.” தாள் கட்டைப் புரட்டி, செவ்வாய்க்கிழமைச் சேதியில் இருந்த வட்டத்தை விரலால் மூடினேன். “சத்தமா வாசிங்க.”

அவர் வாசித்தார். தன் குரலிலேயே அது எப்படி ஒலித்தது என்பது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். குரல் பாதியில் தேய்ந்தது.

“இப்படியே எழுதியிருந்தீங்கன்னா நான் எதுத்திருப்பேன். நீங்களும் பதில் சொல்லியிருப்பீங்க. அந்த மூஞ்சி இருக்கறதால எதுத்தா நான் கெட்டவ.”

“உன்னக் குத்தணும்னு போடல,” என்றார். “கடையில வச்சு மறுபடியும் கத்த வேண்டாம்னுதான் போட்டேன். நீ எழுதுனது மட்டும் என்னவாம்? கன்னத்துல அறஞ்ச மாதிரி இருந்துச்சு.”

“கோவம்னா கோவம்னு எழுதுனேன். உங்களுக்கும் கோவம்தான. அத எழுத வேண்டியதுதான?”

“அப்ப ‘பார்க்கலாம்’னு போட்டதுக்குப் பதிலா வேற என்னதான் எழுதச் சொல்ற?”

“‘நீ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல’ன்னு எழுதுங்க. அது போதும். அதுக்குக் கீழ வேணும்னா பத்து மூஞ்சி போடுங்க.”

அண்ணன் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார்: “நல்லா இருக்கே! சிரிச்சாலும் குத்தமா? அப்ப நான் ஒருத்தரையும் பாத்துச் சிரிக்கப்படாதுபோல.”

“நீங்க சிரிச்சுட்டுத் தேயும் குடுக்கறீங்கண்ணே. சிரிப்ப மட்டும் குடுத்தா நாங்க வருவோமா?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “பதில் இல்லதான்,” என்றார். “யோசிக்கல. மண்டபம் கெடச்ச சந்தோஷத்துல அத யோசிக்கவே இல்ல. உன்கிட்ட அதச் சொல்லவும் பிடிக்கல.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் குரல் உயர்த்தியது சரிதான் என்றே இன்றும் கருதுகிறேன். சண்டையில் குரல் உயர்த்துகிறவரை ஊர் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறது. சிரித்தபடி கேள்வியைப் புதைப்பவரை அடையாளம் காண்பதில்லை. அந்த வாரம் அந்தக் கேள்வி புதைந்துபோயிருந்தால், அந்தப் பெண்பிள்ளைகள் தேர்வு மண்டபத்துக்கே போயிருக்க மாட்டார்கள். எனக்கு மரியாதை கிடைத்ததா என்பது அதைவிடச் சிறிய விஷயம்.

அதற்குப் பிறகு வகுப்பு இரண்டானது. புந்தோங் மண்டபத்தில் புதிதாகச் சேர்ந்த பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அக்கா பாடம் எடுத்தார். தோட்டத்தில் நான் எடுத்தேன். கணக்கு நண்பர் வாரம் மாற்றி இரண்டு இடத்துக்கும் போனார். வகுப்பைப் பற்றிய முடிவு எதையும் தாளில் எழுதி அனுப்புவதை நிறுத்திவிட்டோம். பெற்றோரையும் உட்காரவைத்து நேரில் பேசித்தான் முடிவு செய்தோம். அக்காவும் நானும் தொடர்ந்து சேர்ந்து வேலை செய்தோம், ஆனால் முன்போல் நெருக்கமாக இருக்கவில்லை.