பட்டு சுற்றிய குச்சி

முள்ளிப்பட்டு வேணுகோபாலை நான் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டப் போவேன். நோயாளிகளைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் பிழைத்தவர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். வேணுகோபால் எழுந்து நடக்கவில்லை. நடக்கமாட்டார் என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

எழுபத்தாறாம் வருடம் வந்தவாசிக்குப் போகிற பஸ்ஸின் கூரையில் ஏறிப் போனவர், வளைவில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. அப்போது அவருக்கு முப்பத்தி நாலு வயது. குழித்தறியில் காலால் மிதிக்காமல் நெய்ய முடியாது. அதனால் மனைவி அபிதகுசாம்பாள் குழியில் இறங்கினாள். அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவளுக்கு ராட்டையில் ஊடை நூலைத் தார்க் குச்சிகளில் சுற்றிக் கொடுத்தார். கை இரண்டும் நன்றாக இருந்தன. சுற்றிய தார் எல்லாம் தறியில் குறுக்கே ஓடுகிற மனைவியின் நாடாவுக்குள் போகும், சேலையாகி ஆரணிக்குப் போகும். அவர் மட்டும் அங்கேயே இருப்பார்.

அவள் ஆரணிக்குச் சேலை கொண்டு போகும் நாளில் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவாள். உள்ளே முதலாளி கொடுத்த பட்டும் ஜரிகையும் இருந்தன. திருடன் வந்தால் எழுந்து துரத்த ஆள் இல்லை. சாவி பக்கத்து வீட்டுச் சின்னம்மாளிடம் இருக்கும். இதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் பூட்டிவிட்டுத்தான் போயிருப்பேன்.

எழுபத்தொன்பதில், ஒரு திங்கட்கிழமை, நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாணிக்கவேல் வந்தான். ஏரியில் வலை போடுகிறவன். ஈரத் துண்டில் ஏதோ சுருட்டி வைத்திருந்தான்.

“வேணுண்ணா, வலையில மாட்டிக்கிச்சு. சாவறதுக்கு முன்ன பாத்துடு.”

துண்டுக்குள் ஒரு சின்ன மீன்கொத்தி. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, முதுகு நீலம், வயிறு செங்கல் நிறம். ஒரு இறக்கை தொங்கியது.

“இங்க வுடு. நான் பாத்துக்கறேன்” என்றார் வேணுகோபால்.

“உன்னையே நாலு பேரு பாத்துகினு கீறாங்க. நீ இன்னாத்த பாக்கறது?”

“அதனாலதான் சொல்றேன். குடுரா.”

குழியிலிருந்து அபிதகுசாம்பாள் தலையைத் தூக்கினாள். “இன்னாங்க, வீட்ல இன்னொரு படுக்கையா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவள் சொல்கிற மாதிரி சொன்னாள்.

இறக்கையைத் தடவிப் பார்த்தேன். எலும்பு உடையவில்லை, சுளுக்குதான். நாலைந்து நாள் பறக்காமல் இருந்தால் சரியாகும் என்றேன். கோழி கவிழ்க்கிற கூடை ஒன்று கிடைத்தது. அதன் குறுக்கே மூங்கில் குச்சி செருகினோம். கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, மாணிக்கவேல் கொண்டுவந்த உயிர் மீன்களை விட்டோம். விரல் நீளக் கெண்டை பத்து, கெளுத்திக் குஞ்சு நாலு.

வேணுகோபால் செருகிய குச்சியை உருவி எடுத்து, அறுந்த பட்டு நூல்களை வைத்து அதைச் சுற்ற ஆரம்பித்தார். விரல் பருமன் குச்சி மூன்று விரல் பருமன் ஆகும்வரை சுற்றி, இழை பிரியாதபடி முடிச்சும் போட்டார்.

“எதுக்குப்பா?” என்றான் மாணிக்கவேல்.

“நாள் பூரா ஒரே எடத்துல ஒக்காந்துகினு இருக்கப் போவுது. கால்ல புண்ணு வரும். நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும், எங்க அழுத்துதோ அங்க மெத்துனு இருக்கணும்.”

நான்தான் சொன்னேன். அவருக்கு மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி, தலையணையும் பஞ்சும் மாற்றி மாற்றி வைத்து வந்தேன். “நல்லா செஞ்சீங்க” என்று பாராட்டிவிட்டும் வந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு அது.

தண்ணீர் பட்டின்மேல் தெறிக்கும் என்று அபிதகுசாம்பாள் கூடையைப் பின்வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தாள். கட்டிலிலிருந்து நாலு முழம் தூரம். பார்க்கலாம், கை எட்டாது.

அன்று சாயங்காலம்வரை பறவை எதையும் விழுங்கவில்லை. மாணிக்கவேல் திரும்ப வந்து ஒரு பொடிக் கெண்டையின் தலையை நசுக்கி, அலகைப் பிளந்து உள்ளே தள்ளினான். அது இறங்கியது. இரண்டாவதைப் பறவை துப்பிவிட்டது. “காலைல இதுவா துன்னலன்னா மத்தியானம் தாங்காது. இந்தச் சாதி நாள் முழுக்க துன்னுகினே இருக்கணும்” என்று சொல்லிப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் அபிதகுசாம்பாள் சேலையோடு ஆரணிக்குக் கிளம்பினாள். கதவைப் பூட்டினாள். உள்ளே அவரும் அதுவும்.

அதற்குப் பிறகு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். பறவைக்குப் பசி இல்லாமல் இல்லை. குச்சியிலிருந்து தட்டில் பாய்ந்தது, மீனைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு குச்சிக்கு வந்தது. தலையை இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு வீசி மீனைக் குச்சியில் அடித்தது. மீன் துள்ளியது. மறுபடி அடித்தது. மீன் இன்னும் துள்ளி, அலகிலிருந்து நழுவி, கீழே தரையில் விழுந்து புரண்டது. பறவை அடுத்ததற்குப் பாய்ந்தது. ஐந்து மீன் இப்படிப் போயிற்று. ஆறாவதைப் பிடித்தபோது பாதி வழியிலேயே விட்டுவிட்டது. பிறகு கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அப்படி உட்காரும் கோழிக்குஞ்சு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் யோசித்தது சத்தத்தைப் பற்றி. காலில் தெம்பிருந்த நாளில், ஏரிக்கரை மரத்தடியில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். விடியற்காலை. அப்போது தண்ணீர்மேல் நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த கிளையிலிருந்து ‘டக், டக்’ என்று கேட்கும். மீன்கொத்தி மீனை அடிக்கிற சத்தம். இங்கே சத்தமே இல்லை. பஞ்சு மூட்டையில் குத்துகிற மாதிரி இருந்தது. அடி மீனுக்குப் போகவில்லை, பட்டுக்குள் போயிற்று.

கூப்பிட்டுப் பார்த்தார். “சின்னம்மா! ஏ சின்னம்மா!” தெரு முழுக்கத் தறி ஓடுகிற நேரம். யாருக்குக் கேட்கும்?

கட்டில் விளிம்பைப் பிடித்து உடம்பைத் தள்ளினார். விழுந்தார். இடுப்பு எலும்புமேல் விழுந்தார், அங்கேதான் பாதி ஆறிய புண் இருந்தது. வலி தெரியாது, அதுதான் ஆபத்து. குப்புறப் புரண்டு, முழங்கைகளை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு போனார். நாலு முழத்துக்கு அரை மணி நேரம் ஆயிற்றாம். வழியில் தறிக்குழியின் விளிம்பு. கை வழுக்கியிருந்தால் தலைகீழாக உள்ளே போயிருப்பார். நான் அதைத்தான் முதலில் நினைத்தேன், அவர் நினைக்கவில்லை.

கூடையிலிருந்து குச்சியை உருவினார். பறவை தரையில் ஒதுங்கி நின்றது. நெசவாளி போட்ட முடிச்சு அவ்வளவு லேசில் அவிழாது. பல்லால் கடித்து அறுத்தார். பட்டை முழுக்கப் பிரித்து எறிந்துவிட்டு, மொட்டை மூங்கிலைத் திரும்பச் செருகினார். பிறகு அங்கேயே கிடந்தார், திரும்பிப் போகப் பலம் இல்லை.

அன்று அந்தப் பக்கம் நான் பார்க்க வேண்டிய பிரசவம் ஒன்று இருந்தது. முடித்துவிட்டு, பறவை என்ன ஆயிற்று பார்ப்போம் என்று பதினோரு மணிக்குச் சின்னம்மாளிடம் சாவி வாங்கித் திறந்தேன். கட்டில் காலி. பின்வாசல் பக்கம் அவர் குப்புறக் கிடந்தார். வேட்டி இடுப்பில் சிவந்திருந்தது.

“அய்யோ கடவுளே, இன்னா வேலை பண்ணி வெச்சீங்க!”

“சத்தம் போடாதீங்க நர்ஸம்மா. மெரண்டுடும்.”

அப்போதுதான் கேட்டேன். டக். டக். பறவை குச்சியில் உட்கார்ந்திருந்தது. கெண்டையை வால் பக்கமாகப் பிடித்து, தலை மூங்கிலில் படும்படி ஓங்கி ஓங்கி அடித்தது. நாலாவது அடியில் மீன் துணிபோலத் தொங்கியது. அலகுக்குள்ளேயே அதைப் புரட்டித் திருப்பி, தலையை முன்னால் கொண்டுவந்து, ஒரே விழுங்கு.

“மூணாவது” என்றார் அவர். வாயோரத்தில் பட்டு இழை ஒட்டியிருந்தது.

சின்னம்மாளைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டோம். புண் திறந்து உள்சதை தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் நாக்கு அடங்கவில்லை. “ஒரு குருவிக்காக ரெண்டு மாசம் குப்புறப் படுத்துக் கெடக்கப் போறீங்க. மூணு மாசமா நான் ஆத்துனது போச்சு!”

“படுத்துக்கறேன். எனக்கு இன்னா வேற வேலை?”

மத்தியானம் மாணிக்கவேல் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“என்னாண்ட கேக்கக் கூடாதா? நேத்து பாத்துகினு இருந்தேனே, எனக்கும் புத்தி போவலயே! உயிரோட முழுங்குனா உள்ள போய்த் துள்ளுமில்ல? முள்ளை விறைச்சுகினு நிக்கும். இந்தக் கெளுத்தி கீது பாரு, தொட்டா முதுகு முள்ளும் ரெண்டு பக்க முள்ளும் நட்டுக்கும். தொண்டையில குத்துனா பறவையே காலி. அடிக்க அடிக்க உயிர் போவும், எலும்பு நொறுங்கும், முள்ளு தளந்து மடங்கும். அப்புறம் தலைய முன்ன வெச்சு முழுங்குனா செதிலும் முள்ளும் பின்னால சாஞ்சுகினு போவும்.”

“நீ எப்பவாவது எண்ணியிருக்கியா, எத்தினி அடின்னு?” என்றார் வேணுகோபால்.

“எனக்கு அதான் வேலையா?”

சாயங்காலம் வந்த அபிதகுசாம்பாள் புண்ணைப் பார்த்தாள், தரையில் கிடந்த பட்டைப் பார்த்தாள். பட்டைப் பொறுக்கிச் சுருட்டி வைத்தாள். இனி பூட்டிக்கொண்டு போகும்போது அவரைச் சுவர் பக்கம் படுக்க வைத்து, இந்தப் பக்கம் பலகை கட்டிவிட்டுப் போகட்டுமா என்று என்னைத் தனியாகக் கேட்டாள். கட்டச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? தறிக்குழி அங்கேதானே இருக்கிறது.

சனிக்கிழமை பறவை கூடைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. மாணிக்கவேல் அதை ஏரிக்கு எடுத்துப் போனான். வேணுகோபால் அன்று குப்புறப் படுத்திருந்தார், முகம் பலகையைப் பார்த்தபடி. புண் திறந்ததால் அந்த வாரம் நான் தினமும் போனேன்; அவன் திரும்பி வந்தபோது நானும் இருந்தேன்.

“பறந்துச்சா?”

“பறந்துச்சு. காஞ்ச கெளைல ஒக்காந்துச்சு. மீன் புடிச்சுது, அடிச்சுது.”

“இன்னா மீனு?”

“கெளுத்தின்னு நெனைக்கறேன்.”

“எத்தினி அடி?”

“எண்ணலணா.”

“எண்ணாம இன்னாத்துக்கு வந்த? போ. போய் எண்ணிட்டு வா.”

“பேஜார் புடிச்ச ஆளு நீ” என்று திட்டிக்கொண்டே எழுந்தான் மாணிக்கவேல். போனான். வலையைக்கூட விரிக்காமல் கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

“கெண்டைக்கு அஞ்சு. கெளுத்திக்குப் பதினெட்டு. போதுமா?”



“நாளைக்கு எறாலுக்கு எத்தினின்னு பாரு” என்றார் வேணுகோபால், பலகையைப் பார்த்தபடியே.