வாசலில் நின்ற செருப்பு

ஆம்பூர் கடைவீதியில் சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு செய்து விற்ற ஒருவர், தன் விளம்பரத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் வந்தார். நான் நாளிதழ் வேலையை விட்டு, வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதத் தொடங்கியிருந்த சமயம். அவருடைய விளம்பரத்தை ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியிருந்தது. நோய் குணமாகும் என்று சொல்வதற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். ஆதாரம் என்று அவரிடம் இருந்தது, வாங்கிப்போனவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்ன பேச்சு மட்டும்தான்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் வீடு. மேலே இருந்த பலகையில் மஞ்சள் எழுத்தில் இப்படி இருந்தது: ‘சர்க்கரைக் கால் புண்ணா? பத்தே நாளில் மாயம்! நூறு சதவீத குணம்! வெளிநாட்டுத் தொழில்நுட்பம்!’

மூன்று ஆச்சரியக்குறிகளில் எதை முதலில் எடுப்பது என்று யோசித்தேன்.

பல வருடம் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். செருப்பைக் கையில் கொடுத்தார். நல்ல செருப்பு. உள்ளே அழுத்தினால் அமுங்கி எழும் மென்மையான ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி சோல். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் தையலும் பசையும். விரலிடுக்கில் வார் இல்லை. கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ள மேலே தோலில் இரண்டு ஒட்டுப்பட்டைகள், குதிகால் நழுவாமல் பின்னால் ஒரு பட்டை. வருகிறவரின் பாதத்தை அட்டையில் வரைந்து, அந்த அளவுக்கே வெட்டுகிறார்.

இதில் ஒரு வரிகூடப் பலகையில் இல்லையே என்று கேட்டேன்.

“இதெல்லாம் யாரு மேடம் படிப்பாங்க? அந்தத் தெருவுல ஒருத்தன் ஏழே நாள்ல ஆறும்னு போட்டிருக்கான். நான் இன்னா, ஆறாதுன்னு போடவா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆறாது என்பதுதானே உண்மை என்றேன். செருப்பு புண்ணை ஆற்றாது; புண் வராமல் இருக்க உதவும். வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எது என்று கேட்டதற்கு, கம்பெனியில் கற்றது, கம்பெனி ஏற்றுமதி கம்பெனி என்றார். அதை அடித்தேன். ‘நூறு சதவீத’த்தையும் அடித்தேன். ஒவ்வொரு சொல் போகும்போதும் வாடிக்கையாளர் ஒருவர் எழுந்து போவதுபோலப் பார்த்தார்.

அப்போது அவர் மனைவி டீ கொண்டு வந்தார். அவரும் முன்பு கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவர். சர்க்கரை வந்ததும் நின்றுவிட்டு, ஷூவின் மேல்தோலை வீட்டுக்கு வாங்கிவந்து தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் கணவர் முதல் ஜோடியைச் செய்தாராம். அந்த ஜோடி வாசற்படிக்கு வெளியே, துடைத்து வைத்ததுபோல இருந்தது. மனைவி சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடந்தார். வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தது.

தைக்கும்போது கீழே விழுந்த உலோக வளையம், கயிறு கோக்கும் துளைக்கு அடிப்பது, காலில் ஏறியிருக்கிறது. அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. மாலையில் தரையில் ஈரம் என்று துடைக்கப் போய், அது தன் ரத்தம் என்று தெரிந்திருக்கிறது. வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லையா என்று கேட்டேன்.

“சாமி படம் மாட்டியிருக்கிற கூடத்துல தோல் செருப்பா யக்கா? வெளிய போறப்ப மட்டும்தான்.”

எத்தனை நாளாகிறது என்று கேட்டதற்கு, கொஞ்ச நாளாச்சு என்றார்கள். டாக்டரிடம் போகவில்லை. காலையும் மாலையும் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் கொஞ்சம் நடக்கிறார். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் வைத்தியம்.

“நம்ம செருப்பு போட்டா ஆறிடும்னு இருந்தோம்” என்றார் மனைவி. கணவர் பலகை இருந்த பக்கம் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரை ஏமாற்ற எழுதியவர் இல்லை அவர். எழுதி, தினமும் அதன் கீழே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி, நம்பிவிட்டவர்.

துணியை அவிழ்க்கச் சொன்னேன். வாசனை முதலில் வந்தது. விளம்பரம் அப்புறம், இப்போதே வேலூருக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். கடையைத் திறந்தபடியே பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார்.

மருத்துவமனையில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதோடு நிற்கும் என்று இருந்தோம். கிருமி மேலே ஏறிவிட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் முன்னதாகவே முடிந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

“அந்த விளம்பரம் முடிஞ்சதா யக்கா?”

இல்லை என்றேன்.

“வீட்டுக்குள்ளயும் போடணும்னு எழுதுங்க. டவுன்ல இருக்கிறவங்க எல்லாரும் வாசல்ல கழட்டிட்டுத்தான் உள்ள போறாங்க. தோலுதான் பேஜார்னா தோலில்லாம செய்யச் சொல்லுங்க இவரை. துணி இருக்குது, ரெக்ஸின் இருக்குது.”

கணவர் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். தோல் ஊரில் தோலில்லாத செருப்பு. அவர் வெட்டிப் பார்த்து, ஒரு ஜோடியை முடித்து எனக்குப் போனில் படம் அனுப்பினார். அன்றே எழுதினேன்:

‘இந்தச் செருப்பு புண்ணை ஆற்றாது. புண் வராமல் காக்க உதவும். மென்மையான உட்பகுதி, ஆணி இல்லை, உங்கள் பாத அளவில். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வெளியே ஒரு ஜோடி. வீட்டுக்குத் தோலில்லாத ஒரு ஜோடி. தினமும் பாதத்தைப் பாருங்கள். புண் இருந்தால் முதலில் டாக்டர், பிறகு நாங்கள்.’

வார்டில் படித்துக் காட்டியபோது, கடைசி வரியில் மட்டும் அவர் தயங்கினார். கடைக்கு வருகிறவனை வேறிடத்துக்கு அனுப்பும் வரி என்றார். பிறகு, தன் மனைவி படுத்திருந்த கட்டிலைப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

பத்திரிகை இந்த முறை ஒரு சொல்லையும் கேட்கவில்லை. விளம்பரம் வந்ததும் முதலில் சில நாள் யாரும் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர், ஆறாதுன்னு போட்டு வியாபாரம் பண்ற ஒரே ஆள் நீதான் என்று கேலி செய்திருக்கிறார். பிறகு வந்தார்கள். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வருகிற பெண்கள், ஷிப்ட் முடிந்து அம்மாவின் கால் அளவை அட்டையில் வரைந்து எடுத்து வந்தார்கள். அரக்கோணத்திலிருந்து ஒருவர் விளம்பரத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு ரயிலில் வந்தார். ஆறாது என்று சொல்கிற கடை சொன்னபடி செருப்பு செய்யும் என்று நினைத்ததாகச் சொன்னாராம். அநேகமாக எல்லோரும் இரண்டு ஜோடி வாங்கினார்கள்.

மழைக்காலத்தில் ஒருமுறை போனேன். பலகை மாறியிருந்தது. மனைவி சக்கர நாற்காலியில் போனுக்குப் பக்கத்தில் இருந்தார். யாரோ அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

“ஆறாதுங்க” என்றார் அவர். “புண்ணு எங்க இருக்குது? சிவப்பா இருக்குதா? இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆறினப்புறம் வாங்க, நாங்க எங்க போகப்போறோம்.”

போனை வைத்துவிட்டு என்னிடம், இந்தப் பதிலைச் சொன்னால் சிலர் திட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்றார்.

அவருடைய இடது காலில் நீலத் துணி வைத்த வீட்டுச் செருப்பு இருந்தது. அவர் கணவர் பழக்கத்தில் ஜோடியாகவே செய்துவிட்டிருந்தார். வலது கால் செருப்பு அலமாரியில், மற்ற சரக்குகளுக்கு நடுவில் இருந்தது. விற்கவும் முடியாது, தூக்கிப் போடவும் அவருக்கு மனம் வரவில்லை. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, வெட்டிக்கொண்டிருந்த கணவர் எழுந்து போய் அதன் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்து, அதே இடத்தில் வைத்தார்.