ம-வா, ழ-வா?

கடைத்தெருவில் பூட்டுக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். ஊரார் பூட்டைத் திறந்து பிழைப்பவர், யாரையும் நம்பமாட்டார். பக்கத்தில் நிற்பவர் படித்துவிடக் கூடாதென்று எறும்பு ஊர்வதுபோல எழுதுவார்.

வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்து வாங்கிய கடன் முடிந்திருந்தது. பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி வந்த கடிதம், மனைவியின் தம்பி நடத்தும் பாத்திரக் கடைக்குப் போயிற்று. மச்சான் கொண்டுவந்து நீட்டியபோது உறை பிரிந்திருந்தது.

“எனக்கு வந்த கவரை நீ எதுக்குடா பிரிச்சே?”

“உங்க பேரு இல்லையே மாமா. யாரோன்னு நெனச்சேன்.”

உண்மைதான், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பத்திரத்துப் பெயரும் கடன் பதிவும் ஒத்துப்போக வேண்டும், பெயரையும் முகவரியையும் திருத்தக் கோரிக் கடிதம் கொடுத்தால்தான் பத்திரம் வெளியே வரும் என்றது வங்கி.

“உன் தம்பி வீட்டு மேல கண்ணு வச்சுட்டான்” என்றார் மனைவியிடம்.

“கடையில இருக்கிற சட்டியே அவனுக்கு விக்க மாட்டேங்குது. ஒழுகுற வீட்ட வச்சு என்ன பண்ணுவான்?”

‘என் அனுமதியின்றி மாற்றப்பட்டுள்ளது’ என்று கடிதம் எழுதினார், இரண்டு பிரதி. அடையாள அட்டை நகலின் குறுக்கே ‘பெயர் திருத்தத்துக்கு மட்டும்’ என்று கோடிட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வங்கியில் கடன் பிரிவு அம்மா கடிதத்தை வாங்கிக்கொண்டு அசல் அட்டையைக் கேட்டார். இவர் நீட்டினார், பிடியை விடவில்லை.

“விட்டாத்தானே சார் பாக்க முடியும்?”

“பிடிச்சிருந்தாலும் தெரியும்ல?”

அந்த அம்மா பழைய கோப்பை எடுத்துவந்து கடன் விண்ணப்பத்தைத் திருப்பி வைத்தார். எறும்பு வரிசை. முகவரி, மச்சான் கடை. வங்கிக் கடிதம் வீட்டுக்கு வந்தால் கடன் வாங்கியது தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று அன்று அவரேதான் அப்படி எழுதிக் கொடுத்திருந்தார்.

“இது ம-வா, ழ-வா?”

“ம.”

“நானும் ழ-ன்னுதான் படிச்சேன். டைப் பண்ணவங்க என்ன செய்வாங்க?”

கடிதத்தைத் திரும்ப வாங்கி, ‘அனுமதியின்றி’ இல்லாமல் புதிதாக இரண்டு பிரதி எழுதினார். முகவரியில் வீட்டு எண்ணைப் போட்டார். ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் அகலம். அந்த அம்மா அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் இட்டார்.

“மேனேஜர் சரிபார்த்ததும் பதிவுல மாறிடும். போன் பண்ணுவோம், வந்து பத்திரத்த வாங்கிக்கங்க.”

பிரதியை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் படித்துவிட்டுத்தான் எழுந்தார். வழியில் பாத்திரக் கடை.

“என்ன மாமா, வீட்ட எனக்கே எழுதிட்டாங்களா?”

“என் கையெழுத்துதான்டா கெடுத்துச்சு. உன் மேல தப்பில்ல.”

மச்சான் சிரித்து ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். பூட்டுக்காரர் உட்கார்ந்தார். பிரதியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“ஆமா, இதுக்கு முன்னாடி வேற கவர் ஏதாச்சும் வந்துச்சா?”