பெயர் பொருந்தவில்லை

மருத்துவமனையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்த டாக்டரும் அப்படித்தான். தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று, "மூச்ச நல்லா இழுங்க, பிடிச்சுக்கங்க, அசையாதீங்க" என்பாள். பொத்தானை அழுத்திவிட்டு, "இப்ப விடுங்க" என்பாள். நாள் முழுக்க அவள் பேசுவதில் பாதி இதுதான்.

சென்ற வருடம் நிர்வாகம் அவளை ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்து ஒப்பந்தக்காரி ஆக்கியது. வேலை அதே வேலை, கோட்டும் அதே கோட்டு. மாதக் கணக்கில் மட்டும் பத்தில் ஒரு பங்கை வரி என்று பிடித்துக்கொண்டார்கள். "உங்க வருமானத்துக்கு வரியே வராதும்மா. ரிட்டர்ன் போட்டா அத்தனையும் திரும்ப வரும்" என்றார் கணக்குப் பிரிவு ஆள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் வருடத்தை ஓட்டினாள்.

அவள் இருந்தது அண்ணன் வீட்டுக் கூடத்தில். கணவனைப் பிரிந்து வந்ததிலிருந்து சோபாவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த பாய்தான் அவள் அறை. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் இவள் விளக்கைப் போட்டால், "இப்பத்தான் கண்ணசந்தேன்" என்பாள். விளக்கை அணைத்தால், "ஏன் இருட்டுல உக்காந்திருக்கே, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்பாள்.

மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஒற்றை அறை காலியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஒரே ஒரு ஜன்னல். வீட்டுக்கார அம்மாவின் முழங்காலை இவள்தான் படம் எடுத்தாள். "ஒத்தையா இருக்கற பொம்பளைக்குக் குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்ல. அட்வான்ஸ் மட்டும் இந்த மாசக் கடைசிக்குள்ள குடுத்துடு. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது" என்றார் அந்த அம்மா.

வரிப் பணம் வந்தால் அட்வான்ஸ் கட்டலாம். கணக்கு அவ்வளவுதான்.

ரிட்டர்ன் பரிசீலித்தாயிற்று, இவ்வளவு திரும்பத் தரப்படும் என்று குறுஞ்செய்தி வந்தபோது, ஈயக் கவசத்தோடு நின்றபடியே அதைப் படித்தாள். அன்று வந்த எல்லா எலும்புகளும் அழகாகத் தெரிந்தன. பிறகு பல நாள் ஒன்றும் வரவில்லை. வங்கிச் செய்தி என்று ஃபோன் அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தாள். லோன் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள்.

ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவரிடம் போய் நின்றாள். வரித்துறைத் தளத்தில் அவள் கணக்கைத் திறந்து பார்த்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ரீஃபண்ட் ஃபெயில்டுனு காட்டுதுக்கா."

"அப்படின்னா? இல்லன்னுட்டாங்களா?"

"இல்லன்னு சொல்லல. அனுப்பப் பாத்திருக்காங்க, போய்ச் சேரல. உங்க பேங்க் அக்கவுன்ட்ட இதுல சேத்தா மட்டும் போதாது, இவங்க அத வேலிடேட் பண்ணணும், உங்களோடதுதான்னு சரிபாக்கணும். அன்னிக்கு நான் சேக்கும்போது 'நடந்துகொண்டிருக்கிறது'னு காட்டுச்சு. சரி, ஆயிடும்னு விட்டுட்டேன். ஆகல."

"ஏன் ஆகல?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். சிவப்பில் ஒரு வரி. பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் பொருந்தவில்லை.

அவளுக்குப் பேர் ஒன்றுதான். அதற்குத் துணையாக வந்த இனிஷியல்தான் இரண்டு. படிக்கும்போது பான் அட்டைக்கு எழுதிக் கொடுத்தவர், "இனிஷியல் போடக் கூடாது, விரிச்சு எழுதணும்" என்று அப்பா பேரை முழுசாகச் சேர்த்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கு தொடங்கக் கணவன் கூட்டிப் போனான். அங்கேயும் விரித்து எழுதச் சொன்னார்கள். அவன் தன் பேரை விரித்து எழுதினான். இவள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்து மட்டும் போட்டாள்.

தன் பேரைத் தானே எழுதாமல் இத்தனை வருடம் எப்படி இருந்தோம் என்று இப்போது யோசித்தாள். படித்தவள்தான். யாரும் பேனாவைப் பிடுங்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னபோது அண்ணி அடுப்பிலிருந்து திரும்பாமலே தீர்வு சொன்னாள். "உங்க அண்ணன் அக்கவுன்ட்ல போடச் சொல்லேன். வந்ததும் எடுத்துக் குடுத்துடறோம்."

"ஆகாது அண்ணி. என் பான் எண்ணோட சேர்ந்த என் கணக்குக்குத்தான் வரும்."

"ஓ, கூடப் பொறந்தவன கவர்மென்டும் நம்பாதா?"

அண்ணன் செய்தித்தாளுக்குள்ளிருந்து, "எதுக்கு இந்த அவசரம்? இங்க என்ன குறைஞ்சு போச்சு உனக்கு?" என்றான். அவள் அட்வான்ஸ் பற்றி அவனிடம் சொல்லியிருக்கவில்லை. கடனாகக் கேட்டால் தருவான். தந்தால் அந்த அறையும் அவன் கூடமாகிவிடும்.

வங்கியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், பான் அட்டையையும் ஆதாரையும் பார்த்தாள். இரண்டிலும் அப்பா பேர். பாஸ்புத்தகத்தில் கணவன் பேர்.

"மேரேஜ் சர்ட்டிபிகேட் இருக்கா மேடம்?"

"அவர்கிட்ட இருக்கு."

"டைவர்ஸ் ஆர்டர்?"

"இன்னும் கேஸே போடல."

அந்தப் பெண்ணின் குரல் தணிந்தது. "அப்ப நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிட்டு வாங்க. இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒரே ஆளுதான்னு. மேனேஜர் ஒத்துக்கிட்டா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பறோம். பான் நம்பரையும் கணக்குல சேத்துடறேன், அதுவும் இல்ல."

"எவ்ளோ நாள் ஆகும்?"

"எங்க கையில இல்லையே மேடம்."

நீதிமன்ற வாசலில் தட்டச்சுக்காரர் படபடவென்று அடித்துக் கொடுத்தார். மேற்படி இரண்டு பெயர்களும் என் ஒருத்தியையே குறிக்கும் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் பேனா நின்றது. எந்தப் பேரில் போடுவது?

"ரெண்டுலயும் போடும்மா," என்றார் தட்டச்சுக்காரர். "ஒரே ஆளுதானே!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

மாதம் முடிந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் போய் இன்னும் ஒரு வாரம் என்று கேட்டாள். அவர் பொறுத்தார். இன்னொரு முறை கேட்கப் போனபோது அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதே. ஒரு தம்பதி வந்தாங்க, கையோட குடுத்துட்டாங்க" என்றார். வெளியே வரும்போது அந்த ஒற்றை ஜன்னலில் யாரோ ஒரு துண்டை உலர்த்தியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் வங்கியில் பேர் மாறியது. ஜெராக்ஸ் கடைக்காரர் மறுபடியும் வேலிடேட் செய்யக் கொடுத்தார். இந்த முறை விடவில்லை, தினமும் திறந்து பார்த்தார். பச்சை விழுந்ததும் அவரே ஃபோன் செய்தார்.

"இதோட தானா வராதுக்கா. இந்தக் கணக்குலதான் ரீஃபண்ட் வேணும்னு தேர்ந்தெடுக்கணும், அப்புறம் மறுபடி அனுப்பச் சொல்லி ஒரு ரெக்வஸ்ட் போடணும். ஆதார் ஓடிபி வரும், சொல்லுங்க."

சொன்னாள். கோரிக்கை சமர்ப்பிக்கப்பட்டது என்று வந்தது.

"இனி வந்துடும். கொஞ்ச வாரம் ஆகலாம். சந்தோஷம்தானே?"

"ம்."

அன்று மதியம் ஒரு பெரியவரைப் பலகை முன் நிறுத்தினாள். தோளைச் சரி செய்தாள். "மூச்ச நல்லா இழுங்க, பிடிச்சுக்கங்க." பொத்தானை அழுத்தினாள். திரையில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வெளுத்து வந்தன. மேல் மூலையில் நோயாளியின் பெயர், இனிஷியலோடு. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, மூச்சை அடக்கியபடியே, பெரியவரின் நெரிபட்ட குரல் கேட்டது.

"விடலாமாம்மா?"