கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்

மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டுகிற தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தேழு வயது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. மகள் ஷாலினி கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். பாத்திகளுக்கு நடுவே மோட்டார் கொட்டகையிலேயே அவர் சமைத்து, அங்கேயே படுத்துக்கொள்வார். ஆட்கள் எல்லாரும் மத்தியானத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அவரோடு பேச மோட்டார் சத்தத்தைத் தவிர எதுவும் கிடையாது.

மாசி மாசம் ஒரு நாள் இறால் தொக்கு வைத்துச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைப்பதற்குள் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வாந்தி வந்தது. கையிலும் கழுத்திலும் ஒரே அரிப்பு. உப்புத் தண்ணீர் பட்டால் அரிப்பது அவருக்குப் பழக்கம்தான், அதனால் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. உதடு மரத்துப்போனதுபோல் இருந்தது. காரம் என்று விட்டுவிட்டார். கொட்டகையில் கண்ணாடி இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை.

மறுநாள் மருந்துக்கடையில் கேட்டபோது, "கெட்டுப்போன இறாலா இருக்கும்ங்க," என்று சொல்லி வாந்திக்கு மாத்திரை கொடுத்தார்கள். பங்குனியில் இறால் சாப்பிட்டபோதும் அப்படியே ஆயிற்று. இனி நன்றாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். ஷாலினி போன் பண்ணியபோதும், "நல்லாதாம்மா இருக்கேன்," என்றார். தூரத்தில் இருக்கிற பெண்ணைப் பயமுறுத்துவானேன்?

சித்திரையில் ஒரு நாள் விளைச்சல் அதிகம். சாயங்காலம்வரை வேலை இருந்ததால் எல்லாரும் அங்கேயே சமைத்தார்கள். உப்பு வாருகிற பூவிழிதான் குழம்பு வைத்தாள். இறால் அன்று காலையில் பிடித்தது, அவர் கண்ணெதிரே துள்ளியது. ஒரே சட்டியிலிருந்து ஒன்பது பேர் சாப்பிட்டார்கள். நெடுநாளைக்குப் பிறகு பேச்சும் சிரிப்புமாகச் சாப்பிட்டதில் தெய்வசிகாமணி இரண்டு பிடி அதிகமாகவே சாப்பிட்டார்.

கை கழுவப் போனவர் அங்கேயே குனிந்து வாந்தியெடுத்தார். தண்ணீர் கொண்டுவந்த பூவிழி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"அண்ணே, இன்னாண்ணே இது? ஒதடு இப்டி வீங்கிக்கினு கீது! ஒடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா இருக்குது!"

"இறால் கெட்டுப்போயிருக்கும்மா..." குரல் கரகரத்தது.

"கெட்டுப்போயிருந்தா எங்களுக்கும் வந்திருக்கணுமில்ல? நாங்க நல்லாதான இருக்கோம்!"

அவருக்கு மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. பூவிழியின் கணவன் கௌதமன் உப்பு ஏற்ற வந்த குட்டியானை வண்டியில் சாக்கை விரித்து அவரைப் படுக்கவைத்தான். பூவிழி பக்கத்தில் ஏறிக்கொண்டு, வாந்தி தொண்டைக்குள் போகாமல் அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைப் பார்த்ததும் தொடையில் ஓர் ஊசி போட்டார், காலை உயர்த்திப் படுக்கவைத்தார். ஊசியின் வேகத்தில் நெஞ்சு படபடத்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் மூச்சு இலகுவானது. அதற்குப் பிறகுதான் கேள்விகள்.

"முன்னாடியும் இப்டி ஆச்சா?"

"ரெண்டு தடவ ஆச்சும்மா."

"அப்போ கூட சாப்ட்டவங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

"கூட யாரும் சாப்பிடலம்மா. நான் ஒருத்தன்தான்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"கெட்டுப்போன சாப்பாடுன்னா பெரும்பாலும் சில மணி நேரம் கழிச்சுதான் தெரியும். வயித்தால போகும், ஜுரம் வரலாம், கூட சாப்ட்டவங்களுக்கும் வரும். உங்களுக்கு சாப்ட்ட கையோட வாந்தி, அதோட தடிப்பு, உதடு வீக்கம். இது அலர்ஜி. இறால் எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருந்தாலும் வரும்."

"சின்ன வயசுலேர்ந்து சாப்பிடறேனேம்மா!"

"எந்த வயசுலயும் புதுசா ஆரம்பிக்கலாம்ங்க. இனிமே இறால், நண்டு ரெண்டுமே வேணாம். அதே சட்டில வெச்ச வேற குழம்புகூட வேணாம். பாண்டிச்சேரிக்கு எழுதித் தர்றேன், போய் டெஸ்ட் எடுங்க. திரும்பவும் வந்தா மாத்திரையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, ஒடனே இங்க வரணும். இப்ப கொஞ்ச நேரம் நல்லாருக்கும், மறுபடியும் வரலாம். அதனால நாளைக்கு அனுப்பறேன். கூட யார் இருக்கீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பூவிழி, "நான் இருக்கேன்," என்றாள். கௌதமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். யாரோ ஒருவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெய்வசிகாமணிக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் தூங்கவில்லை.

காலையில் ஷாலினிக்குப் போன் பண்ணினார். நல்லா இருக்கேன் என்று தொடங்கியவர், நிறுத்தி, நடந்ததை முழுக்கச் சொன்னார். அவள் அழுதாள். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னாள், வேலை இருந்ததால் வரமுடியவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கிறாள்.

இப்போதெல்லாம் மத்தியானத்தில் பூவிழி கிளம்புவதற்கு முன்னால் கொட்டகைப் பக்கம் வருவாள். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் வாசலில் நின்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அவள் போனபிறகு பாத்திகளின்மேல் வெயில் கண் கூசும்படி அடிக்கும். தெய்வசிகாமணி சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மோட்டாரைப் போடப் போவார்.